மூச்சு முட்டாமலே ஆளைச் சாய்க்கும் நைட்ரஜன்

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். அது நஞ்சல்ல, நிறமோ மணமோ அதற்கு இல்லை. ஆனால், சிறிய ஆய்வகத்தில் அதன் அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு கிடைக்கும். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 24,000 லிட்டர் காற்று இருக்கும். கதவு சாத்திய நிலையில் 10 லிட்டர் திரவம் கொட்டிவிட்டால் 7,000 லிட்டர் நைட்ரஜன் அறையை நிரப்பும். 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 15-க்கு இறங்கிவிடும். 10-க்கும் கீழே போனால் ஆள் சட்டென்று நினைவிழப்பார். அப்போதும் மூச்சு முட்டாது. முட்டல் உணர்வைத் தூண்டுவது உடலில் சேரும் கரியமில வாயு. அதுதான் வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கிறதே! அதனால் காற்றோட்டமுள்ள அறையும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் ஒலிக்கும் கருவியும் அவசியம். யாராவது விழுந்து கிடந்தால் காப்பாற்ற உள்ளே ஓடக் கூடாது. கதவைத் திறந்துவிட்டு, வெளியே நின்று தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

திரவத்தை வெற்றிட இரட்டைச் சுவர் கொண்ட கலனில் வைக்கிறோம். அதன் மூடி தளர்வாகத்தான் இருக்க வேண்டும். இறுக்கினால் ஆவி வெளியேற வழியில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2006-இல், அழுத்தம் தணிக்கும் பாதுகாப்பு அமைப்புகளை உலோக அடைப்பால் மூடியிருந்த நைட்ரஜன் கலன் வெடித்துக் கூரையைப் பிளந்தது. கலனின் வெளிச்சுவரில் பனி படிந்தாலோ வியர்த்தாலோ வெற்றிடம் கெட்டுவிட்டது என்று பொருள். உலர்ந்த மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்தால், பனி படியும் உயரம் திரவ மட்டத்தைக் காட்டும். மட்டம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கினால் கலனை உடனே மாற்றுங்கள். ஊற்றும்போது முகக்கவசமும், கழற்ற எளிதான குளிர்காப்புக் கையுறையும் அணியுங்கள்.

சிலிண்டர் விஷயம் வேறு. நிரம்பிய நைட்ரஜன் சிலிண்டரில் அழுத்தம் 150 பார் அளவில் இருக்கும். சாய்ந்து வால்வு முறிந்தால் ராக்கெட்போலப் பாயும். எனவே நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலியால் கட்டுங்கள். நகர்த்தும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டுத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்லுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க, வெளிவழியை அடைத்து வால்வை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, கால் மணி நேரம் மானியைக் கவனியுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி இடத்தைக் காட்டும். அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே இறுக்குங்கள். வால்வே கசிந்தால் தொட்டுப் பார்க்காமல் அறையைக் காலி செய்து, வாயு வழங்குநரை அழையுங்கள்.