தாளக் குறியீட்டு வாசிப்பும் கைதட்டு விளையாட்டும்: தொடக்கநிலை இசைக் கல்வியில் கை, வாய் ஆகியவற்றின் பணிப்பகுப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் அச்சிடப்படும் சுரக்குறிப்பில் கால அளவை உணர்த்துவன உயிரின் குறில் நெடில் வேறுபாடு, காற்புள்ளி, அரைப்புள்ளி, மேற்கோடு ஆகியவை. தொடக்கநிலை மாணவர் இவற்றைக் கண்ணால் படித்துக் காலத்தில் நிறுத்துவதற்குக் கைதட்டு விளையாட்டு துணைசெய்யும். எனினும், எழுத்துக்கு ஒரு தட்டு என்னும் முறை இக்குறியீட்டிற்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதி போன்ற பன்மொழிச் சூழலில் எழும் ஒரு தனிச்சிக்கலையும் இது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தாளம், சுரக்குறிப்பு, மாத்திரை, சொற்கட்டு, கும்மி, ஆதி தாளம்.

கை எதைத் தட்ட வேண்டும்?

சரளி வரிசையைப் பிழையின்றிப் பாடும் மாணவரிடம் அறியாத ஒரு வரியை எழுதிக் கொடுத்தால் அவர் தடுமாறுவது இசை ஆசிரியர்கள் நன்கறிந்த ஒன்று. அவர் பாடியது செவிவழி மனனம், படித்ததன்று. சுரத்தானத்தையும் கால அளவையும் ஒரே நேரத்தில் படிக்கச் சொல்லாமல், முதலில் கால அளவை மட்டும் பிரித்துக் கற்பிப்பதே இதற்குரிய வழி. அங்கேரிய இசையறிஞர் சோல்தான் கொடாய் (1882–1967) பெயரால் வழங்கும் கல்விமுறையும் இவ்வாறே தாளத்திற்கெனத் தனி அசைகளைப் பயன்படுத்துகிறது. அம்முறையின் பயிற்சிகளில் மாணவர் குறியீட்டின் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு தட்டுத் தட்டுவது வழக்கம்.

இதனை அப்படியே நம் வகுப்பிற்குக் கொண்டுவரும்போது இரு இடர்கள் நேர்கின்றன. தட்டொலிக்குத் தொடக்கம் உண்டு; நீட்சி இல்லை. ஆகவே நெடிலின் இரண்டாம் எண்ணிக்கை கையில் பதிவதே இல்லை. மேலும், கருநாடக இசையில் கை முன்னரே வேறொரு பணியை ஏற்றிருக்கிறது. ஆதி தாளத்தில் தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என லகுவின் நான்கும், தட்டு, வீச்சு என இரு திருதங்களின் நான்கும் சேர்ந்து எட்டு எண்ணிக்கைகளைக் கை தாங்குகிறது. எழுத்துதோறும் தட்டப் பழகிய கையைப் பின்னர் தாளத்திற்குத் திருப்புவது கடினம்.

நம்மிடையே உள்ள கும்மி இதற்கு மாறான இயல்புடையது. கும்மியில் கை பாட்டின் ஒவ்வோர் அசையையும் தட்டுவதில்லை. தாள அடியையே தட்டுகிறது. சொல் அதன்மேல் குறுகியும் நீண்டும் செல்கிறது. எனவே தாள வாசிப்பிற்கான விளையாட்டைக் கும்மியின் வழியில் அமைப்பதே பொருத்தம். மாணவர் வட்டமாக நின்று, தட்டு வரும் மூன்று எண்ணிக்கைகளில் (1, 5, 7) அருகிலிருப்போர் கையோடு தட்டுவர். விரலெண்ணிக்கையும் வீச்சும் தத்தம் கையிலேயே நிகழும். வாய் பேசாமல் இது தளராது நடக்கும் வரை எழுத்தைக் காட்டலாகாது.

படிநிலைப் பயிற்சி

அடுத்து ‘த’, ‘தா’ என்னும் இரண்டு அசைகள் மட்டும் போதும். குறில் ஓர் எண்ணிக்கை, நெடில் இரண்டு. ஒற்றைக்கோடு தாள உறுப்பின் முடிவையும் இரட்டைக்கோடு ஆவர்த்தனத்தின் முடிவையும் காட்டும். பின்வரும் நான்கு வரிகளும் ஆதி தாளத்தில், எண்ணிக்கைக்கு ஓரெழுத்து என்னும் அளவில் அமைந்தவை.

(அ) த த த த | த த | த த ||

(ஆ) தா த த | தா | த த ||

(இ) த தா த | த த | தா ||

(ஈ) த , , த | தா | , த ||

முதல் வரி கையும் வாயும் ஒன்றாகச் செல்வது. இரண்டாவதில் நெடில்கள் தட்டில் தொடங்குவதால் இடரில்லை. மூன்றாவதில் ‘தா’ சுண்டுவிரலில் தொடங்கி மோதிரவிரல் வரை நீள்கிறது. உண்மையான தேர்வு நான்காம் வரியே. ஐந்தாம் எண்ணிக்கையில் தொடங்கும் ‘தா’ காற்புள்ளியின் துணையால் ஏழாம் எண்ணிக்கை வரை நீள்கிறது. ஏழில் கை தட்ட வேண்டும்; வாய் புதிதாக எதையும் சொல்லலாகாது. இறுதி ‘த’ வீச்சில் விழும். இங்கு மாணவர் ஏழாம் எண்ணிக்கையில் ‘த’ என்று சொல்லிவிட்டால், அவர் எழுத்தைப் படிக்கவில்லை, கையைப் பின்தொடர்கிறார் என்று கொள்ளலாம். அப்போது வேகத்தைக் குறைப்பதால் மட்டும் பயன் விளைவதில்லை. வகுப்பை இரு அணியாக்கி, ஓரணி தாளம் போட மற்றோரணி சொல்லவும், ஆவர்த்தனந்தோறும் பணியை மாற்றிக்கொள்ளவும் செய்வது பிழையைத் தனிமைப்படுத்தும்.

நான்காம் வரியில் மற்றொரு பிழையும் தோன்றும். உரைநடையில் காற்புள்ளி நிறுத்தத்தின் குறி. ஆதலால் மாணவர் குரலை அங்கே நிறுத்திவிடுகிறார். சுரக்குறிப்பில் அது முன்னெழுத்தின் ஓர் எண்ணிக்கை நீட்சி; அரைப்புள்ளி இரண்டு. அரைப்புள்ளி காற்புள்ளியினும் மிகுந்தது என்னும் பள்ளி அறிவு உதவுகிறது; குரல் ஓய வேண்டும் என்னும் அறிவு தடையாகிறது. வரியின் தொடக்கத்தில் புள்ளி வந்து, நீட்டுவதற்கு முன்னெழுத்து இல்லாதபோதுதான் அது மௌனமாகும். தாளம் தொடங்கிச் சற்றுப் பின் பாடல் எடுக்கப்படும் இடங்களில் இதனைக் காணலாம்.

மேற்கோட்டை இதற்குப் பின்னரே அறிமுகப்படுத்துதல் நன்று. ஒரு கோடு காலத்தைப் பாதியாக்கும். இரு கோடு காலாக்கும். கைப்பேசியில் தட்டச்சிட்டு அனுப்பும் பயிற்சித்தாளில் முதலில் விழுந்துவிடுவது இக்கோடே என்பதால், இப்படிக்குக் கையால் எழுதிய தாளே நம்பத்தக்கது. வர்ணம், கீர்த்தனை முதலியவற்றில் ஓர் எண்ணிக்கைக்குள் இரண்டோ நான்கோ எழுத்துகள் கோடின்றியே எழுதப்படுவதும் உண்டு. ஆகவே எந்த வரியையும் படிக்கத் தொடங்குமுன் எண்ணிக்கைக்கு எத்தனை எழுத்து என்று கேட்கும் பழக்கம் மாணவருக்கு வேண்டும்.

மாத்திரை ஒப்புமையின் எல்லை

குறில் ஒன்று, நெடில் இரண்டு என்னும் தொல்காப்பிய அளவு தமிழ் படித்த மாணவருக்கு இயல்பான நுழைவாயில். ஆனால் மெய்க்கு அரை மாத்திரை என்னும் விதி இங்குச் செல்லாது. ‘ததிங்கிணதொம்’ என்னும் சொற்கட்டை இலக்கண முறையில் எண்ணினால் ஐந்து குறிலும் இரண்டு மெய்யும் சேர்ந்து ஆறு மாத்திரையாகும். தாளத்தில் அது ஐந்தே. புள்ளியெழுத்து தன் முன்னுள்ள குறிலின் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகிறது. இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிப்பதை நூன்மரபின் இறுதியில் தொல்காப்பியரே ஒப்புக்கொண்டு, அதனை யாழ்நூலின்பாற்படுத்துகிறார். தொடக்கப் பயிற்சிகளில் தக, தகிட, தகதிமி என மெய்யற்ற சொற்கட்டுகளையே கொள்வதற்கு இதுவே காரணம்.

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் எனத் தொழிற்சாலைகளை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு இந்தி படித்த பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமரக்கூடும். தேவநாகரியிலும் குறில் நெடில் உண்டு என்பதால் இம்முறை அவர்க்கும் உடனே பொருந்தும் என எண்ணத் தோன்றும். ஆனால் இந்துஸ்தானிச் சுரக்குறிப்பில் முதற்சுரம் ‘சா’ என நெடிலாகவே எழுதப்பட்டும் ஓர் எண்ணிக்கையே பெறுகிறது; ‘க’, ‘ம’ ஆகியவையும் அதே அளவின. அங்கு நெடில் சுரத்தின் பெயர், கால அளவன்று. பாத்கண்டே முறையில் நீட்சியைக் காட்டுவது சிறுகோடு. அக்குறிப்பில் பழகிய பிள்ளை நம் ‘சா’வை ஓர் எண்ணிக்கையில் முடித்து, ஆவர்த்தனத்தில் முந்திச் செல்லும். அதனை மந்தமென்றோ அவசரமென்றோ கருதுவது தவறு. அது வேறொரு குறியீட்டைச் சரியாகப் படிக்கிறது. இத்தகைய வகுப்பில் (ஆ), (இ) வரிகளை முதலில் ‘தா’ இன்றி, ‘த ,’ என்று காற்புள்ளியால் எழுதிக் கொடுத்து, சிறுகோட்டின் பணியைக் காற்புள்ளி செய்வதாகக் காட்டி, பிறகு அவ்விரண்டையும் சேர்த்து ‘தா’ என எழுதும் சுருக்கத்திற்கு வருதல் எளிது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வரிசை சற்றுச் சுற்றுவழியே. எனினும் காற்புள்ளியில் குரலை நிறுத்தும் பழக்கம் அவர்களிடம் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுத் திருத்தம் பெறுகிறது.