ஒரு மானிட்டர், இரண்டு கணினிகள்

ஒரே மானிட்டரில் மேசைக்கணினியை டிஸ்ப்ளேபோர்ட்டிலும் மடிக்கணினியை எச்டிஎம்ஐயிலும் இணைத்திருந்தால், எதன் படம் திரையில் வரும் என்பதை Input Source மெனு தீர்மானிக்கிறது. அங்கே Auto இயங்கினால், பெரும்பாலான மானிட்டர்கள் நடப்பு சிக்னல் நின்ற பிறகே அடுத்த போர்ட்டைத் தேடும். மேசைக்கணினி உறங்கியதும் திரை மடிக்கணினிக்குத் தாவுகிறது. மேசைக்கணினி விழித்தாலும், மடிக்கணினியின் சிக்னல் இருக்கும்வரை திரும்புவதில்லை. விசைப்பலகையைத் தட்டியும் படம் வராததால் கேபிள் பழுது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மடிக்கணினியின் கேபிளைக் கழற்றியதும் படம் வந்தால் பழுதில்லை, Auto செய்த வேலைதான்.

முன்னுரிமை வரிசை தரும் மாடல்களில் டிஸ்ப்ளேபோர்ட்டை முதலில் வைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால் Auto-வை அணைத்து, மானிட்டர் பொத்தானால் கையாலேயே மாற்றுவதுதான் நிம்மதி.