வெப்சைட் வேலை பாதியில் நின்றால்

ஒரு ஜவுளிக்கடைக்காரர் 1,00,000 ரூபாய்க்கு வெப்சைட் செய்யச் சொல்லி, 70,000 கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கெடு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வந்திருப்பது முகப்பு வடிவமைப்பும் சேலைப் பட்டியலும்தான். பணம் செலுத்தும் வசதியும் ஸ்டாக் கணக்கும் வரவில்லை.

இப்போது எழுதும் கடிதத்தில் கோபத்துக்கு வேலையில்லை; கணக்குதான் பேச வேண்டும். ஒப்பந்தத் தேதி, கெடு, கொடுத்த தொகை, வந்தவை, வராதவை ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். பிறகு கோரிக்கை: "15 நாளுக்குள் மீதி இரண்டையும் முடித்துத் தாருங்கள். இல்லையேல், ஒப்பந்த விலைப்படி முடிந்த வேலையின் மதிப்பு 50,000 போக, 20,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். எப்படியானாலும் முடிந்த பகுதியின் சோர்ஸ் கோடும் டொமைன் பாஸ்வேர்டும் எங்களுக்கு வேண்டும்."

இன்னொரு வரியையும் விட்டுவிடக் கூடாது. கெடு முக்கியமான ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த வேலையை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டால், அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 55. ஆகவே வேலையை வாங்கும்போதே, "தாமத நஷ்டத்தைக் கோரும் உரிமையோடுதான் ஏற்கிறோம்" என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், அனுப்பியதற்கான சான்று கையில் இருக்கும்.