கடைசியாக உடையும் பலூன்

கயிற்றில் வரிசையாக நான்கு பலூன்கள். அவற்றின் மேல் 3, 1, 5, 8 என்று எழுதியிருக்கிறது. ஒரு பலூனை உடைத்தால் அதன் எண்ணையும், அந்த நேரத்தில் அதற்கு இருபுறமும் இருக்கும் பலூன்களின் எண்களையும் பெருக்கி அத்தனை காசு கிடைக்கும். உடைந்தது போனதும் மற்றவை நெருங்கி வந்து ஒன்றுக்கொன்று பக்கத்துப் பலூன்களாகிவிடும். ஓரத்தில் பலூன் இல்லாத பக்கத்துக்கு 1 என்று கணக்கு. நான்கையும் உடைத்தே ஆக வேண்டும். எந்த வரிசையில் உடைத்தால் காசு அதிகம்?

லீட்கோட் தளத்தில் 312-ஆம் எண்ணுள்ள கணக்கு இது. வேலைத் தேர்வுக்குத் தயாராகும் நிரலாளர்களை நன்றாகப் படுத்தியெடுக்கும்.

பேராசைக்காரர் என்ன செய்வார்? இப்போதைக்கு அதிகம் தருவதை உடைப்பார். 5-ஐ உடைத்தால் 1×5×8, அதாவது 40. அடுத்து 1-ஐ உடைக்க 24, பிறகு 3-க்கு 24, கடைசியில் 8-க்கு 8. மொத்தம் 96. சிறிய எண்ணிலிருந்து தொடங்கலாம் என்பவருக்கு 78-தான் தேறும். உண்மையில் எடுக்க முடிந்த அதிகபட்சம் 167.

நான்கு பலூன்களை உடைக்க 24 வரிசைகள்தான், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். பத்துப் பலூன் என்றால் 36,28,800 வரிசைகள். ஆகவே கணக்கைச் சிறு துண்டுகளாக வெட்டித் தீர்க்கப் பார்க்கிறோம். சிக்கலே அங்கேதான். 5-ஐ முதலில் உடைத்தோம் என்று வையுங்கள். இடப்பக்கம் 3, 1, வலப்பக்கம் 8. இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்கலாமா? முடியாது. நடுவில் இருந்த 5 போனதும் 1-ம் 8-ம் ஒட்டிக்கொண்டன. 1-ஐ உடைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது 8 இன்னும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வெட்டிய இடத்திலேயே துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன.

கேள்வியைத் தலைகீழாக்கினால் இது தீர்ந்துவிடும். எது முதலில் உடையும் என்பதை விட்டுவிட்டு, எது கடைசியில் உடையும் என்று கேளுங்கள். கடைசிவரை நிற்கப்போகிற பலூன் ஒரு சுவர். அதன் இடப்பக்கம் நடப்பது வலப்பக்கத்தை எட்டாது. அது உடையும்போது அதன் இருபுறமும் யார் இருப்பார்கள் என்பதும் முன்கூட்டியே தெரியும்: அந்தப் பகுதியின் இரு எல்லைகள். மற்றதெல்லாம் அதற்குள் போயிருக்கும்.

வரிசையின் இரு முனையிலும் ஒரு 1-ஐச் சேர்த்து 1, 3, 1, 5, 8, 1 என்று எழுதிக்கொள்வோம். இந்த இரண்டு 1-ம் உடையாத எல்லைகள். இப்போது 8-ஐக் கடைசி என்று வைத்தால் அதற்கு 1×8×1 = 8 காசு. மீதி 3, 1, 5. அவற்றின் எல்லைகள் 1-ம் 8-ம். இந்தப் பகுதியில் 3-ஐக் கடைசியாக நிறுத்தினால் 1×3×8 = 24. இனி மிச்சம் 1, 5. எல்லைகள் 3-ம் 8-ம். அதில் 5 கடைசி என்றால் 3×5×8 = 120, அதற்கு முன் 1-க்கு 3×1×5 = 15. கூட்டினால் 135. 1-ஐக் கடைசியாக்கினால் 64-தான். ஆக 8 + 24 + 135 = 167.

3-ஐ முழு வரிசைக்கும் கடைசியாக்கிப் பார்த்தால் 162 வருகிறது. அந்தக் கணக்கிலும் 3-க்கும் 8-க்கும் நடுவே இருக்கும் 1, 5 என்ற அதே பகுதி வரும், அதே 135. ஒருமுறை போட்டதை அட்டவணையில் குறித்துவைத்தால் மறுபடி போட வேண்டாம். இதைத்தான் இடைவெளி டைனமிக் புரோகிராமிங் என்கிறார்கள். 5-ஐக் கடைசியாக்கினால் 75, 1-ஐக் கடைசியாக்கினால் 52. நான்கில் பெரியது 167.

எல்லைகள் i, j என்றும் கடைசிப் பலூன் k என்றும் கொண்டால் நிரலின் உயிர் இந்த ஒரே வரி:

```python
dp[i][j] = max(dp[i][j], dp[i][k] + v[i]*v[k]*v[j] + dp[k][j])
```

இந்த வரியைச் சரியாக எழுதியும் தடுக்கி விழலாம். அட்டவணையைச் சிறிய பகுதியிலிருந்து பெரிய பகுதிக்கு நிரப்ப வேண்டும். இடமிருந்து வலமாக i-ஐ ஏற்றிக்கொண்டே போனால் வலப்பக்கத்து dp[k][j] இன்னும் நிரப்பப்படாமல் 0-ஆகவே இருக்கும். நிரல் முணுமுணுக்காமல் ஓடி நம் நான்கு பலூனுக்கு 63 என்று சொல்லும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. 167 வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

300 பலூன் என்றாலும் சுமார் 45 லட்சம் ஒப்பீடுகள். கணினிக்குச் சில விநாடி வேலை. ஆயிரக்கணக்கில் போனால் திணறும், ஏனெனில் பலூன் இருமடங்கானால் வேலை எட்டு மடங்காகிறது.

அட்டவணை தொகையை மட்டும்தான் தருகிறது. உடைக்கும் வரிசை வேண்டுமானால் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த k வென்றது என்றும் குறிக்க வேண்டும். நம் கணக்கில் அந்தக் குறிப்பு 8, 3, 5, 1 என்று வரும். கடைசியில் உடைவதிலிருந்து எழுதியதால் அதைத் திருப்பிப் படிக்க வேண்டும்: முதல் ஊசி 1-க்கு.