உள்ளே திரும்பாத வீக்கம்

1737-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள். லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் தமக்கெனப் புதிதாக அமைத்திருந்த நூல்நிலையத்தில் இருந்த இங்கிலாந்து அரசி கரோலினுக்குத் திடீரென்று கடுமையான வயிற்று வலி கண்டது. கூடவே வாந்தி. அரண்மனை மருத்துவர்கள் விரைந்து வந்தார்கள். ஏதோ வயிற்றுக் கோளாறு என்று எண்ணிப் பேதி மருந்து கொடுத்தார்கள்; எனிமா கொடுத்தார்கள்; இரத்தக் குழாயைக் கீறி இரத்தத்தை வெளியேற்றினார்கள். அக்காலத்தில் எந்த நோய்க்கும் அதுதானே முதல் வைத்தியம்! கொடுத்த மருந்து எதுவும் வயிற்றில் தங்கவில்லை.

மருத்துவர்களுக்கு ஒரு செய்தி தெரியாது. 1724-இல் கடைசிக் குழந்தை பிறந்ததிலிருந்தே அரசியின் தொப்புளருகே ஒரு புடைப்பு இருந்து வந்தது. வெட்கத்தால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் இரண்டாம் ஜார்ஜ் மன்னருக்கு மட்டும் தெரியும். அவரும் மனைவிக்காக வாய் திறக்காமல் இருந்தார். வலி தொடங்கிச் சில நாள் ஆன பிறகு பொறுக்கமாட்டாமல் அறுவை மருத்துவர் ஜான் ரான்பியிடம் சொல்லிவிட்டார். பிறகு கத்தி வைத்தார்கள்; பயனில்லை. 17-ஆம் நாள் குடல் வெடித்தது. 20-ஆம் நாள் இரவு அரசி இறந்தார். அப்போது அவருக்கு வயது 54.

அரசிக்கு வந்தது அரிய நோய் அன்று. உங்கள் தெருவிலேயே அது யாருக்காவது இருக்கலாம். குடலிறக்கம் என்றும் ஹெர்னியா என்றும் சொல்கிறோமே, அதுதான். பல ஆண்டுகள் வாளாவிருந்த அந்தப் புடைப்பு ஒரே நாளில் உயிருக்கு உலை வைப்பது எப்படி?

உங்கள் வயிற்றின் முன்சுவர் தசைகளாலும் உறுதியான நார்த் திசுவாலும் ஆனது. அதில் சில இடங்கள் பலம் குறைந்தவை: தொப்புள், தொடையும் வயிறும் சேரும் தொடை இடுக்கு, பழைய அறுவை சிகிச்சைத் தழும்பு. இருமும்போதும், மூட்டை தூக்கும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பலவீனமான இடத்தில் சிறு வழி ஏற்பட்டால் குடலின் ஒரு மடிப்போ, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையோ அதன் வழியே தோலுக்கடியில் பிதுங்கி வருகிறது. படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்து நின்றால் வெளியே வரும். ஆண்களுக்குத் தொடை இடுக்கில் வருவது மிகுதி. அது விதைப்பை வரை இறங்குவதும் உண்டு. இப்படி வந்து போய்க்கொண்டிருக்கும் வரை அதனால் பெரிய தொல்லை இராது. அதனால்தான் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

குடல் வெளியே வரும் வழியை அதன் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றியிருக்கும் நார்த் திசு இரப்பரைப்போல் விரிந்து கொடுக்காது. ஒருநாள் பலமாக இருமும்போது வழக்கத்தைவிடச் சற்று நீளமான குடல் மடிப்பு வெளியே தள்ளப்படுகிறது. திரும்ப முடியாமல் கழுத்தில் சிக்கிக்கொள்கிறது. பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஆள்காட்டி விரலின் அடியில் ஓர் இரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். விரல் வெளிறிப் போகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, சற்று நேரத்தில் கருநீலமாகி உப்புகிறது. (ஒரு நிமிடத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள்!)

ஏன் தெரியுமா? விரலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியின் சுவர் தடித்தது; உள்ளே அழுத்தமும் மிகுதி. இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையின் சுவரோ மெல்லியது. உள்ளே அழுத்தம் மிகவும் குறைவு. இறுக்கம் ஏற்பட்டால் முதலில் நசுங்குவது சிரைதான். இரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை. சிக்கிய குடலிலும் இதுவே நடக்கிறது. தேங்கிய இரத்தத்தால் குடல் சுவர் உப்புகிறது. உப்ப உப்பக் கழுத்து மேலும் இறுகுகிறது. இறுக இறுக மேலும் உப்புகிறது. கடைசியில் தமனியும் அடைபடுகிறது. இந்த நிலையைத்தான் குடல் நெரிபட்டுவிட்டது என்கிறார்கள். இரத்தம் நின்றுபோன குடல் ஐந்தாறு மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடக்கூடும். அதன் சுவர் ஓட்டை விழுந்தால் குடலிலுள்ள கிருமிகள் வயிற்றறைக்குள் பரவிவிடும்.

இனி, இது வெளியே எப்படித் தெரியும் என்று பார்ப்போம். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பல ஆண்டுகளாகத் தொடை இடுக்கில் வீக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கம்போல் இரவு படுக்கிறார். இன்று அது உள்ளே போகவில்லை. இதுதான் முதல் அறிகுறி. தொட்டுப் பார்த்தால், மெத்தென்று இருந்த வீக்கம் விண்ணென்று கெட்டியாக இருக்கிறது. கை பட்டாலே வலிக்கிறது. முன்பெல்லாம் இருமினால் வீக்கம் கையில் துள்ளுவது தெரியும். இப்போது துள்ளவில்லை, கழுத்து அடைபட்டதால் வயிற்றின் அழுத்தம் வீக்கத்தை எட்டவில்லை.

அடுத்து வயிறு. அடைப்பைத் தள்ளிவிடக் குடல் சுருங்கிச் சுருங்கி விரிகிறது. அதனால் வலி விட்டு விட்டு வருகிறது. அடைப்புக்குமேல் உள்ளதெல்லாம் வாந்தியாக வெளியேறுகிறது: முதலில் உண்ட உணவு, பிறகு பச்சை நிறப் பித்தநீர். வயிறு உப்புகிறது. மலமும் போவதில்லை, காற்றும் பிரிவதில்லை. விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினால் குடல் நெரிபடுகிறது என்று ஐயப்பட வேண்டும். நாடி வேகமாகத் துடிக்கும், காய்ச்சல் வரலாம். வீக்கத்தின்மேல் தோல் சிவந்தோ கறுத்தோ போனால் நிலைமை மிகவும் முற்றிவிட்டது என்று பொருள். ஆனால் அந்த நிறமாற்றத்துக்காக யாரும் காத்திருக்கக் கூடாது. உள்ளே போகாத வீக்கமும் வலியும் இருந்தாலே போதும். அந்த நேரமே புறப்பட வேண்டும்.

நம்மை ஏமாற்றக்கூடிய சில சங்கதிகளும் உண்டு. சில சமயம் குடலின் முழுச் சுற்றும் சிக்காமல் சுவரின் ஒரு பக்கம் மட்டுமே சிக்குகிறது. ரிக்டர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவரின் பெயரால் இதை அழைப்பார்கள். குடலின் நடுவழி திறந்திருப்பதால் மலம் போய்க்கொண்டே இருக்கும். மலம் போகிறதே, ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டால் அந்தத் துண்டு அழுகிவிடும். வயதான பெண்களுக்குத் தொடை இடுக்கு மடிப்பின் கீழே வரும் குடலிறக்கமும் இப்படித்தான். நெல்லிக்காய் அளவே இருக்கும்; ஆனால் அதன் கழுத்து குறுகலானது; நெரிபடும் வாய்ப்பும் மற்றவற்றைவிட மிகுதி. பாட்டி வாந்தி எடுக்கிறார், வயிறு வலிக்கிறது என்கிறார். இடுக்கில் இருக்கும் சிறு கட்டியை அவரே கவனித்திருக்கமாட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று, நோயாளி துடித்துக்கொண்டிருக்கும்போது வலி திடீரெனக் குறைவது. வீக்கம் உள்ளே போகாமல் வலி மட்டும் தணிந்தால் குடல் ஓட்டை விழுந்திருக்கலாம். சிறிது நேரத்தில் வயிறு முழுவதும் வலி பரவும்.

பல ஆண்டுகளாகவே உள்ளே போகாமல், ஆனால் வலியோ வாந்தியோ இன்றி இருக்கும் வீக்கங்களும் உண்டு. அவை அந்த நிமிட அவசரம் அல்ல. ஆனாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டியவையே. கைக்குழந்தைகளுக்கும் குடலிறக்கம் வரும். குழந்தை ஓயாமல் வீரிட்டு அழுது, பால் குடிக்காமல் வாந்தி எடுத்தால் துணியை அவிழ்த்து இடுக்கையும் பார்க்க வேண்டும். பையன்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். விதைப்பையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். அதற்கும் சில மணி நேரமே கெடு. எது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அப்பாவிடமோ அம்மாவிடமோ உடனே சொன்னால் போதும்.

நம் வீடுகளில் இத்தகைய நேரத்தில் என்ன செய்வார்கள்? குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுவார்கள், வாயு என்று சொல்லிக் கஷாயம் கொடுப்பார்கள், விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். மூன்றுமே தீங்கு. அடைபட்ட குடலைப் பேதி மருந்து மேலும் முடுக்குகிறது. வீக்கத்தை அழுத்தி உள்ளே தள்ள முயல்வது அதைவிட ஆபத்து. நலிந்த குடல் கிழிந்துவிடலாம். இன்னொரு விபரீதமும் நேரலாம்: இறுக்கும் கழுத்தோடு சேர்ந்து குடல் உள்ளே போய்விடும். வெளியே வீக்கம் மறைந்துவிட்டதைக் கண்டு எல்லாரும் மகிழ்வார்கள்; உள்ளே குடல் நெரிபட்டுக்கொண்டே இருக்கும். மருத்துவமனையிலும் சில நோயாளிகளுக்கு மட்டும், வலி தொடங்கிச் சிறிது நேரமே ஆகி, நெரிபட்ட அறிகுறி எதுவும் இல்லாதபோது, மருத்துவரே மெதுவாகத் தள்ளிப் பார்ப்பதுண்டு. அது அவர் கைவேலை. நாம் செய்ய வேண்டியது, நோயாளிக்கு உணவோ தண்ணீரோ கொடுக்காமல், 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது அது மேலேறி மூச்சுக்குழாயில் போய்விடக்கூடும். அதனால்தான் தண்ணீரும் கூடாது என்கிறோம். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பவற்றில் இவையும் அடங்கும்.

அங்கே முதலில் இரத்தக் குழாய் வழியாக நீரும் உப்பும் ஏற்றுவார்கள். மூக்கு வழியே இரைப்பைக்குள் ஒரு குழாய் செலுத்தி அங்கே தேங்கியதை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு அறுவை. மயக்க மருந்தும் கிருமிநாசினி முறையும் 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. கரோலின் காலத்து மருத்துவர்களுக்கு இரண்டும் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அறுவை மருத்துவர் வீக்கத்தைத் திறந்து, இறுக்கும் வளையத்தை அறுத்துவிடுகிறார். ஆனால் குடலை உடனே உள்ளே தள்ளிவிடுவதில்லை. கழுத்தில் இறுகியிருந்த இடத்தைக் கண்ணால் பார்க்கிறார். கருஞ்சிவப்பாக இருக்கும் அந்த மடிப்பை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் போர்த்திச் சில நிமிடங்கள் காத்திருக்கிறார். நோயாளிக்குப் பிராணவாயு போய்க்கொண்டிருக்கிறது. துணியை விலக்குகிறார். நிறம் இளஞ்சிவப்பாகத் திரும்புகிறதா? பளபளப்பு வருகிறதா? இலேசாகத் தட்டினால் புழுவைப்போல் நெளிகிறதா? குடலைத் தாங்கும் சவ்வில் தமனி துடிக்கிறதா? இவை இருந்தால் குடல் உயிரோடிருக்கிறது. உள்ளே வைத்து, வழியைத் தைத்து மூடிவிடலாம். கறுத்து, மங்கி, அசைவற்றுக் கிடந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைத்துத் தைக்க வேண்டும். அப்போது அறுவை நீளும், ஆபத்தும் கூடும். துணிக்கடியில் இருப்பது எந்த நிறத்தில் தென்படும் என்பதைப் பெரும்பாலும் நோயாளி வந்து சேர்ந்த நேரமே முடிவு செய்திருக்கும்.