நாற்பது நொடிச் சிலேடை

காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சேர்த்து ஒரு வெண்பா பாடுகிறார் என்றால், கேட்பவர்களுக்கு அது முன்கூட்டியே தெரியும். இரண்டு பொருளும் மேசைமேல் வைக்கப்பட்டுவிட்டன. ஒரே சொற்களை வைத்துக்கொண்டு இரண்டையும் இவர் எப்படிச் சமாளிக்கப்போகிறார் என்று பார்ப்பதுதான் அங்கே சுவை. ஒவ்வொரு அடியிலும் இரண்டு பொருளும் பக்கம் பக்கமாக நடந்துவரும்.

பள்ளி ஆண்டு விழாவிலோ, அலுவலகப் பொங்கல் விழாவிலோ, கைப்பேசி வீடியோவிலோ போடும் நாற்பது நொடி நாடகத்தில் கதை தலைகீழ். அங்கும் சிலேடைதான், அங்கும் இரண்டு பொருள்தான். ஆனால் முப்பத்தெட்டு நொடி வரைக்கும் ஒரு பொருள் மட்டுமே கண்ணில் படவேண்டும். மற்றது அதே வரிகளுக்குள்ளேயே சத்தமில்லாமல் படுத்திருந்து, கடைசிச் சொல்லில் எழுந்து உட்கார வேண்டும்.

நாற்பது நொடி என்பது எவ்வளவு? சாதாரணப் பேச்சு வேகத்தில் ஏறத்தாழ எழுபது சொல். நடிகர் வந்து உட்காரவும், ஒருவரை ஒருவர் பார்க்கவும், ஒரு சிறு சிரிப்புக்கும் இடம் விட்டால் அறுபதுதான் மிஞ்சும். அறுபது சொல்லில் ஒரு சிலேடையைத்தான் கட்ட முடியும். கிரேஸி மோகனின் மேடை நாடகங்களில் வரிக்கு வரி சிலேடை வெடிக்கிறதே என்று கேட்கலாம். அவருக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. முதல் கால்மணி நேரத்திலேயே பார்வையாளரின் காது அந்த விளையாட்டுக்குப் பழகிவிடும், ஒன்று தவறினாலும் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம். குறுநாடகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதல் வேலை, சொல்லைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு பொருள் தருகிற சொல் தமிழில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் பெரும்பாலானவை வாக்கியத்துக்குள் போட்டதும் உடைந்துவிடும். ‘ஆறு’ என்ற சொல் எண்ணுக்கும் நதிக்கும் பொது. உருபு சேர்த்துப் பாருங்கள். நதி ‘ஆற்றில்’ ஆகிவிடும், எண் ‘ஆறில்’ என்றே நிற்கும். குட்டு வெளிப்பட்டுவிட்டது. ‘அடி’ அப்படியல்ல. அடியை, அடியில், அடிக்கு என எந்த உருபு சேர்த்தாலும் நீளத்தை அளக்கிற அடியும் முதுகில் விழுகிற அடியும் ஒரே வடிவம்தான். இரண்டையும் எண்ணலாம் என்பது கூடுதல் லாபம். ‘இருபது அடி’ என்றால் எது என்று யாருக்குத் தெரியும்?

காதையும் சோதிக்க வேண்டும். கரியும் கறியும், அரையும் அறையும் எழுத்தில் வேறு, இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்று. மேடைக்கு இவை நன்றாக உதவும், அச்சில் போட்டால் செத்துவிடும். தண்டியலங்காரம் சொல்கிற பிரிமொழிச் சிலேடை, அதாவது ‘பலகை’யைப் ‘பல கை’ என்று பிரிப்பது போன்றது, ஏட்டில் அழகு. மேடையில் நடிகர் எங்கே மூச்சு விடுகிறார் என்பதைப் பொறுத்துப் பிழைக்கும் அல்லது சாகும். நாற்பது நொடியில் அந்த ஆபத்து எதற்கு? சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருகிற செம்மொழிச் சிலேடையே எனக்குப் பிடித்தது.

ஆக, ‘அடி’ கையில் இருக்கிறது. இதை வைத்து உடனே கதை யோசிக்கக் கூடாது. இரண்டு பொருளிலும் மாற்றமில்லாமல் சொல்லக்கூடிய வாக்கியங்களைத் தேட வேண்டும். எத்தனை அடி? இருபது அடி. நாலு அடியிலேயே வந்துருச்சு. என்ன வந்துருச்சு? இந்தக் கேள்வியில்தான் நாடகம் பிறக்கிறது. பூமியில் இத்தனை அடி போனால் தண்ணீர் வரும். உடம்பில் இத்தனை அடி விழுந்தாலும் தண்ணீர் வரும், கண்ணில். ‘அடி’யோடு ‘தண்ணி’யும் ஒட்டிக்கொண்டது. களம் ஆழ்துளைக் கிணறு. கடைசிச் சொல் ‘கண்’. இனி முடிவிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டியதுதான்.

இங்கே தமிழின் வாக்கிய அமைப்பு ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. நமக்கு வினைமுற்று கடைசியில் வரும். ‘கண்ணுலேருந்து தண்ணி வந்துச்சு’ என்று எழுதினால் வெடி முதல் சொல்லிலேயே வெடித்துவிடுகிறது. பின்னால் வரும் இரண்டு சொற்கள் சிரிப்பின்மேல் விழுந்து அதை அமுக்கிவிடும். பல குறுநாடகங்கள் இந்த இடத்தில்தான் சரிகின்றன. வினையை மற்றவரின் கேள்விக்குள் தள்ளிவிடுவது இதற்கு எளிய வழி. அவர் ‘எங்கேருந்து வந்துச்சு?’ என்று கேட்கட்டும். இவருக்குப் பதில் ஒரே சொல்.

எழுதி முடித்த வடிவம் இது. டீக்கடை பெஞ்சில் மாரி துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முத்து வருகிறார்.

முத்து: என்ன மாரியண்ணே, உங்க காட்டுக்கு போர் வண்டி வந்துதாமே?

மாரி: வந்துது தம்பி. வரப்பை ஒட்டி நிறுத்தி ஆரம்பிச்சேன். பங்காளிங்க நாலு பேரும் ஓடியாந்துட்டாங்க.

முத்து: பரவால்லியே! கூடமாட நின்னாங்களா?

மாரி: நின்னாங்க. சுத்தி நின்னாங்க.

முத்து: மொத்தம் எத்தனை அடி?

மாரி: இருபது.

முத்து: வெறும் இருபதா! எங்க காட்டுல எண்ணூறு போயும் புழுதிதாண்ணே. இருபது அடியில தண்ணி வந்துருச்சா?

மாரி: நாலு அடியிலயே வந்துருச்சு.

முத்து: நாலுலயா! எங்கேருந்துண்ணே வந்துச்சு?

மாரி: கண்ணுலேருந்து.

இப்போது மாரியின் வரிகளை மட்டும் இரண்டு முறை படியுங்கள். முதல் முறை போர் போட்ட கதையாக. இரண்டாம் முறை, வரப்புத் தகராறில் பங்காளிகளிடம் உதைபட்ட கதையாக. இரண்டிலும் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எந்த வரியாவது ஒரு கதைக்கு மட்டும் பொருந்தினால் அது மோசடி. கடைசியில் பார்வையாளர் சிரிக்காமல், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார். முத்துவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் தாராளமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம், பார்வையாளரைத் தப்பான பாதையில் இழுத்துப் போவதே அவர் வேலை.

அந்த இழுப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ‘எண்ணூறு போயும் புழுதி’ என்ற வரி இல்லாமலும் கதை நிற்கும். ஆனால் ‘இருபது’ என்ற பதிலில் ஓர் ஓட்டை இருக்கிறது. இருபது அடியில் போர்த் தண்ணீர் என்பது நம்பமுடியாத விஷயம். நம்பமுடியாததைக் கேட்டால் பார்வையாளர் வேறு விளக்கம் தேடத் தொடங்குவார், இரண்டு நொடியில் கண்டுபிடித்தும் விடுவார். அதற்கு இடம் கொடுக்காமல் முத்துவே முந்திக்கொண்டு ஆச்சரியப்படுகிறார், தன் காட்டுப் புழுதியைப் பற்றிப் பொறாமையோடு புலம்புகிறார். பார்வையாளரின் சந்தேகம் முத்துவின் பொறாமையாக மாறிவிடுகிறது. ‘நாலு அடி’ என்று எண்ணிக்கை இன்னும் இறங்கும்போது அவர் மாரியின் அதிர்ஷ்டத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

முந்தைய வரைவில் ‘பங்காளிங்க எப்படி?’ என்ற கேள்விக்கு ‘நல்லா கவனிச்சாங்க’ என்று மாரி சொல்வதாகப் போட்டுப் பார்க்கலாம். எழுதுகிறவருக்கு அது இனிக்கும். ஆனால் ‘கவனிச்சாங்க’ என்றால் உதை என்று சினிமா நமக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. பாதியிலேயே அரங்கம் சிரிக்கும், ‘கண்ணு’ வரும்போது சிரிக்க ஒன்றுமிருக்காது. ‘சுத்தி நின்னாங்க’ அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. போர் வண்டி ஓடினால் யார்தான் சுற்றி நிற்கமாட்டார்கள்?

இன்னொரு கண்ணி, மூன்றாவது பொருள். ‘தண்ணி’ என்றதும் மதுக்கடைப் பக்கம் போகிற காதுகள் நம்மூரில் நிறைய. ஆகவே மாரியைத் தள்ளாட விடக்கூடாது, இடம் டீக்கடையாகவே இருக்கட்டும், வண்டியும் வரப்பும் முதல் இரண்டு வரியிலேயே வந்துவிடட்டும். ‘போர்’ என்பதற்குச் சண்டை என்றும் பொருள் இருப்பதால், ‘போர் போட்டதுல போர் மூண்டுருச்சு’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதலாம், எழுதிய பிறகு அடித்துவிட வேண்டும். முதல் சிலேடையைக் கண்டுபிடித்த பார்வையாளர் அடுத்ததற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். காத்திருப்பவரை ஏமாற்றுவது கடினம்.

துண்டு எதற்கு என்று கேட்கலாம். மாரியின் முதுகுக் காயமோ வீங்கிய கன்னமோ தெரிந்தால் வசனமே வேண்டாம், படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நடிகர் உட்காரும்போது ‘அம்மா’ என்று முனகுவதும் அதே கெடுதல்தான். நன்றாக நடிக்கத் தெரிந்தவர்களே இந்தத் தப்பை அதிகம் செய்வார்கள், ஏனென்றால் பாத்திரத்துக்கு வலிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மாரி சோர்ந்து இருக்கலாம், வலியோடு இருக்கக் கூடாது.

ஒத்திகைக்கு முன், கதை தெரியாத ஒருவரிடம் இதை வாசித்துக் காட்டி அவர் முகத்தைப் பாருங்கள். ‘எத்தனை அடி’யிலேயே உதடு விரிந்தால் முன்பக்கத்தில் ஏதோ ஒரு வரி கசிகிறது. அநேகமாகப் பங்காளி வரியாக இருக்கும், ‘நாலு பேரும்’ என்பதை எடுத்துப் பார்க்கலாம். கடைசிச் சொல்லுக்குப் பிறகு ‘ஏன் கண்ணுல?’ என்று அவர் கேட்டால் சிக்கல் எதிர்ப்பக்கம். வரப்புச் சண்டை அவருக்குப் பரிச்சயமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புப் பார்வையாளரிடம் இது நடக்கும். அங்கே வரப்பைக் காம்பவுண்டுச் சுவராகவும், பங்காளிகளைப் பக்கத்து வீட்டுக்காரர்களாகவும் மாற்றினால் போதும், மற்ற வரிகள் அப்படியே நிற்கும்.

‘கண்ணுலேருந்து’ என்பதற்கு முன் அரை நொடி இடைவெளி போதும். ஒரு நொடி விட்டால் முன்வரிசையில் யாராவது பதிலைச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பின் முத்து வாயைத் திறக்கவே கூடாது. ‘ஐயோ, அடிச்சுட்டாங்களாண்ணே?’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி விழாக் குழுவில் ஒருவர் கட்டாயம் வருவார், சிலருக்குப் புரியாமல் போய்விடும் என்று கவலைப்படுவார். அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே விளக்குப் போடுகிறவரிடம் கண்ணைக் காட்டி வையுங்கள். ‘ருந்து’ முடிந்ததும் விளக்கு அணைய வேண்டும். வீடியோவாக இருந்தால் அந்த எழுத்தோடு காட்சியை வெட்டிவிடலாம்.