குடலின் பிடியைத் தளர்த்தும் பெப்பர்மின்ட் எண்ணெய்

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முறுக்கிப் பிடிக்கும். கழிவறைக்குப் போய் வந்தால் சற்று அடங்கும். சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோபி எதிலும் கோளாறு தெரியாது. மருத்துவர்கள் இதை ஐபிஎஸ் என்கிறார்கள்; எரிச்சல் குடல் நோய் என்பது தமிழ்ப் பெயர். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பதற்காக அந்த வலியைக் கற்பனை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். குடல் தசை உண்மையாகவே இறுகுகிறது. குடல் நரம்புகளும் அதைக் கூடுதலாக உணர்கின்றன.

அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் பெப்பர்மின்ட் எண்ணெய் தரப்படுகிறது. அது வேலை செய்யும் விதம் தெரிந்தால், மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

குடல் சுவரில் இருப்பது மென்தசை. நாம் நினைத்தாலும் அதை இறுக்கவோ தளர்த்தவோ முடியாது. அதை இறுக வைப்பது கால்சியம். தசைச் செல்லுக்கு வெளியே கால்சியம் நிறைய. ஓய்வாக இருக்கும் செல்லுக்குள் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செல்லின் தோலில் இதற்கென்றே நுண்ணிய வாசல்கள் உண்டு. மின் தூண்டல் வந்ததும் அவை திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். அது கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியை முடுக்கிவிடும். அந்த நொதி தூண்டிவிட, தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும், தசை சுருங்கும். உள்ளே வரும் கால்சியம் குறைந்தால் இந்தப் பிடியும் குறையும்.

பெப்பர்மின்ட் எண்ணெய் கைவைப்பது அந்த வாசலில். 1991-இல் ஹில்ஸ், ஆரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் முயலின் சிறுகுடல் தசைச் செல்களில் கால்சியம் பாயும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளந்தார்கள். எண்ணெய் பட்டதும் மின்னோட்டம் குறைந்தது. எஞ்சியதும் வழக்கத்தைவிட விரைவில் அடங்கியது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நிபெடிபின் வகை மருந்துகள் காட்டும் போக்கும் ஏறக்குறைய இதுதான். எண்ணெயில் முக்கியமாக இந்த வேலையைச் செய்வது மென்தால். நாம் துவையல் அரைக்கும் புதினா பெரும்பாலும் வேறு இனம். அதில் மென்தால் மிகக் குறைவு. எனவே துவையலை இந்த மருந்துக்கு ஈடாக நினைக்க வேண்டாம்.

எண்ணெய்க்கு இடம் பார்த்துச் செயல்படத் தெரியாது என்பதுதான் சிக்கல். தொட்ட மென்தசை எதுவோ அதைத் தளர்த்தும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது; அமிலம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். எண்ணெய் இரைப்பையிலேயே வெளிப்பட்டால் அந்த வளையமும் தளரும், நெஞ்சு எரியும். இரைப்பை அமிலத்தில் கரையாமல், சிறுகுடலுக்குப் போன பிறகே கரையும் உறையில் எண்ணெயை அடைத்துத் தருவது இதனால்தான். கேப்சூலைக் கடித்தாலோ உடைத்தாலோ உறையால் பயன் இல்லை. அமிலத்தைக் குறைக்கும் ஆன்டாசிட் மருந்தைக் கூடவே சாப்பிட்டாலும், உறை வயிற்றிலேயே கரைந்துவிடக்கூடும். வழக்கமான அளவு 0.2 மில்லி எண்ணெய் உள்ள கேப்சூல், தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு.

வலி பெருங்குடலில் என்றால் எண்ணெயை அங்கேயே கொண்டுபோய் விட்டால் என்ன? நெதர்லாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. சுமார் 190 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குச் சிறுகுடலில் கரையும் கேப்சூல், இன்னொரு பிரிவினருக்குப் பெருங்குடல் பக்கம் கரைவது, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிக் கேப்சூல் என்று எட்டு வாரம் கொடுத்தார்கள். வலி போதிய அளவு குறைந்தவர்கள் முறையே சுமார் 47, 41, 34 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசத்தை உறுதியானது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வலியின் சராசரி அளவையும் நோயின் மொத்தத் தீவிரத்தையும் பார்த்தபோது, சிறுகுடலில் கரைந்த கேப்சூல் போலிக் கேப்சூலைவிட நல்ல பலன் தந்திருந்தது. பெருங்குடல் கேப்சூல் எதிர்பார்த்தபடி முந்தவில்லை.

போலிக் கேப்சூலிலேயே மூன்றில் ஒருவருக்கு வலி குறைந்ததையும் கவனிக்க வேண்டும். பெப்பர்மின்ட் எண்ணெய் தசைப் பிடிப்பைத் தளர்த்தும். நோயை வேரோடு எடுக்காது. பிடிப்பினால் வரும் வலிக்குச் சில வாரம் சாப்பிட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தொந்தரவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கேப்சூல் வாங்கப் போகாதீர்கள். முதலில் குடல் மருத்துவரிடம் காட்டுங்கள்.